சர்க்கரை மாத்திரையும் 22 நிமிடமும்

தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கினேன் என்று ஒருவர் சொன்னால், அதில் பாதிப் புகழ்தான் மாத்திரைக்குச் சேர வேண்டும் என்பது என் கருத்து. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக முப்பது வருடம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் இப்படிச் சொல்வது சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். மருந்தைச் சோதிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் வேடிக்கையாகத் தோன்றாது.

ஒரு தூக்க மருந்து விற்பனைக்கு வருமுன், தூக்கம் வராதவர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்வார்கள். ஒரு குழுவுக்கு மருந்து. இன்னொரு குழுவுக்கு அதே நிறம், அதே வடிவத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. இதைத்தான் சர்க்கரை மாத்திரை என்கிறோம். பிளாசிபோ என்பதும் இதுதான். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. பிறகு தலையில் மின்கம்பிகள் ஒட்டிப் படுக்க வைத்து, விளக்கை அணைத்ததிலிருந்து மூளை உண்மையில் தூக்கத்துக்குள் போகும் வரை எத்தனை நிமிடம் என்று கருவியில் பதிவு செய்வார்கள்.

நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் அடிக்கடி பார்க்கிற சோல்பிடெம், அதன் வகையைச் சேர்ந்த இன்னும் சில மருந்துகள் ஆகியவற்றின் சோதனைகளை 2012-ல் சில ஆராய்ச்சியாளர்கள் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளிவந்தது. 13 சோதனைகள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். பத்திரிகைகளில் வெளியான கட்டுரைகளை மட்டும் நம்பாமல், கம்பெனிகள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் ஒப்படைத்த விவரங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நல்ல முடிவு வந்த சோதனைதான் பெரும்பாலும் பத்திரிகைக்குப் போகும், சுமாரானது அலமாரியில் தங்கிவிடும் என்பதால் இது முக்கியம்.

கருவியின் கணக்குப்படி, மருந்து சாப்பிட்டவர்கள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட சராசரியாக 22 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். வெற்று மாத்திரைக்காரர்களும் முன்பு இருந்ததைவிடச் சீக்கிரமே தூங்கினார்கள். மருந்துக் குழுவில் கண்ட மொத்த முன்னேற்றத்தில் ஏறக்குறையப் பாதி, மருந்தே இல்லாத குழுவிலும் இருந்தது.

மருந்து இல்லாமல் அந்தப் பாதி எங்கிருந்து வந்தது?

முதல் காரணம் நம் அடி அண்ணாமலைக்காரர்களுக்கு எளிதில் புரியும். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையை ஒட்டிய வீடுகளில் விடிய விடியச் சத்தம். அன்று தூங்காதவர் மறுநாள் இரவு அடித்துப் போட்டதுபோலத் தூங்குவார். அந்த மறுநாளில் ஒரு மாத்திரை போட்டிருந்தால் பெயர் மாத்திரைக்குப் போய்விடும். சோதனைக்கு வருகிறவர்களும் இப்படித்தான். தூக்கம் மிக மோசமாக இருக்கும் நாட்களில்தான் ஒருவர் வந்து சேர்கிறார். மோசத்துக்குப் பிறகு எதுவும் செய்யாமலே கொஞ்சம் சீராவது உடம்பின் இயல்பு.

இரண்டாவது, சோதனையில் சேர்ந்தவருக்கு ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. எத்தனை மணிக்குப் படுத்தோம், எப்போது எழுந்தோம் என்று நோட்டில் எழுத வேண்டும். குறித்த நேரத்தில் படுக்க வேண்டும். டாக்டரும் நர்சும் அக்கறையாக விசாரிக்கிறார்கள்.

மூன்றாவதுதான் உண்மையான நம்பிக்கையின் வேலை. தூக்கம் வராதவருக்குப் பெரிய எதிரி, 'இன்றைக்கும் வராதோ' என்ற பயம். மணி பார்ப்பார், புரண்டு படுப்பார், தூங்க முயற்சி செய்வார். முயற்சி செய்யச் செய்ய வராத ஒன்று உலகில் உண்டு என்றால் அது தூக்கம். மாத்திரை உள்ளே போனதும், 'இனி அது பார்த்துக்கொள்ளும்' என்று மனசு பொறுப்பை இறக்கி வைக்கிறது. இறக்கி வைத்ததும் கண் அசருகிறது.

முதல் காரணத்தையும் மூன்றாவதையும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், மாத்திரையே கொடுக்காத இன்னொரு குழு வேண்டும். அப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை 2018-ல் வந்தது. எதுவும் பெறாதவர்களைவிட வெற்று மாத்திரை பெற்றவர்கள், தாங்கள் கொஞ்சம் நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்கள். ஆக, நம்பிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அது சிறிய பங்கு.

இதைக் கேள்விப்பட்டுத்தான் எங்கள் தெரு அம்மா ஒருவர் சென்ற மாதம் கேட்டார்: "அண்ணே, அவரு ராத்திரி போடுற மாத்திரைக்குப் பதிலா, அதே மாதிரி வெள்ளையா ஒரு சத்து மாத்திரையைக் கொடுத்துடட்டுமா? அவருக்குத் தெரியவா போவுது?"

"வேணாம்மா" என்றேன். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். பல மாதமாகத் தினமும் அல்பிரசோலமோ சோல்பிடெமோ சாப்பிட்ட உடம்பில் திடீரென்று அது நின்றால், தூக்கமின்மை முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும். படபடப்பு, கை நடுக்கம் வரலாம். அல்பிரசோலம் போன்றவற்றில் சிலருக்கு வலிப்புகூட வந்துவிடும். டாக்டர் சொல்லி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஏமாற்று நம்பிக்கை எந்தப் பக்கம் சாயும் என்றும் சொல்ல முடியாது. 1970-ல் அமெரிக்காவில் ஸ்டார்ம்ஸ், நிஸ்பெட் என்ற இரு உளவியலாளர்கள் தூக்கம் வராதவர்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் 'இது அமைதிப்படுத்தும்' என்றும், மீதிப் பேரிடம் 'இது படபடப்பைக் கூட்டும்' என்றும் சொன்னார்கள். அமைதி மாத்திரை என்று நம்பியவர்களுக்குத்தான் தூக்கம் தாமதமானது. 'மாத்திரை போட்டும் இப்படியா, எனக்கு ரொம்ப முற்றிவிட்டது போல' என்ற கவலைதான் காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. இவ்வளவு நிலையற்ற ஒன்றை நம்பி, வீட்டுக்காரரை ஏமாற்றுவது சரியில்லை.

அதே சமயம் நிஜ மாத்திரைக்காக நான் வாதாடவும் இல்லை. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இந்த மருந்துகளைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்று முதியோர் மருத்துவ வழிகாட்டிகளே சொல்கின்றன. இரவில் பாத்ரூம் போக எழுந்திருக்கும்போது தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் முக்கியப் பயம். 22 நிமிடத்துக்கு அது பெரிய விலை.

ஆகவே என் யோசனை இதுதான். புதிதாகத் தூக்க மாத்திரை கேட்டு டாக்டரிடம் போகுமுன், இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் கண் அயர்ந்த நேரம், இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், எதற்கு எழுந்தீர்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். கட்டிலிலிருந்து கண்ணில் படாத இடத்தில் கடிகாரத்தை மாட்டுங்கள். வெற்று மாத்திரைக் குழுவுக்குக் கிடைத்த நன்மையில் ஒரு பகுதி இதிலேயே கிடைக்கும், யாரும் யாரையும் ஏமாற்றாமல்.

இரண்டு வாரம் கழித்தும் சரியாகவில்லை என்றால் அந்த நோட்டையே டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டு வலியா, அடிக்கடி சிறுநீர் போவதா, குறட்டையில் மூச்சு அடைப்பதா என்பதை அந்த எழுத்தே அவருக்குக் காட்டிக்கொடுக்கும். அவையெல்லாம் தூக்க மாத்திரையாலும் தீராது, சர்க்கரை மாத்திரையாலும் தீராது.