தலைப்புப் பக்கப் படியெடுப்பில் எழுத்துருவமும் எழுத்திடைவெளியும்

பழைய அச்சு நூல்களின் தலைப்புப் பக்கங்களைப் படியெடுப்போர் சொற்களை மட்டும் பேணி, அச்சு வடிவத்தைக் கைவிடுவது வழக்கமாகியுள்ளது. நூலகப் பட்டியலுக்கு இது போதும். ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளும் பேரெழுத்துகளை இயல்பாக்கவே சொல்கின்றன. ஆனால் ஒரே ஆண்டைத் தாங்கிய இரு படிகள் ஓர் அச்சுக்கோப்பிலிருந்து வந்தவையா, மீண்டும் கோத்து அச்சிட்டவையா என்று ஆராயும் பதிப்பாய்வாளருக்கு அது போதாது. தலைப்புப் பக்கத்தை மட்டும் புதிதாகக் கோக்கும்போது சொற்கள் மாறாமலே இருக்கலாம். மாறுவன எழுத்துருவமும் இடைவெளியுமே. பிரெட்சன் பவர்ஸ் 1949இல் வகுத்த நூல்விவரிப்பு நெறி, பேரெழுத்தையும் சிறுபேரெழுத்தையும் அச்சிலுள்ளபடியே காட்டச் சொல்வது இதனாலேயே.

மிரன் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி (சென்னை, 1862) போன்ற நூல்களின் ஆங்கிலத் தலைப்புப் பக்கங்களில் இந்நெறி நேரடியாகப் பொருந்தும். முழுப் பேரெழுத்தில் உள்ளதைப் பேரெழுத்திலேயே தட்டச்சிட வேண்டும். சிறுபேரெழுத்தில் உள்ளதை அவ்வாறு செய்யின் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே அதை இயல்பான எழுத்தில் எழுதி, வடிவத்தைக் குறியீட்டால் சுட்டுவதே தகும்.

தமிழில் பேரெழுத்து இல்லை. தலைப்பை எடுப்பாக்க அச்சுக்கோப்பாளர் பெரிய எழுத்தையும் எழுத்திடைவெளியையும் நாடினார். இங்கே கண்ணால் கண்டபடி இடைவெளியைத் தட்டச்சிடுவது பெரும் பிழையாகும். ‘திருவொற்றியூர்’ என்னும் பெயர் இடைவெளிவிட்டு அச்சாகியிருப்பதாகக் கொள்வோம். ‘வொ’ என்பது ஈய அச்சில் கொம்பு, வகரம், கால் என மூன்று தனி அச்சுகளாக நிற்கும். அவற்றினிடையேயும் வெளி விழலாம். ஒருங்குறியிலோ முதலில் வகரம் வரும்; உயிர்க்குறி அதனைத் தொடரும். அச்சின் வரிசையில் கொம்பை முதலில் இட்டு, வெளிவிட்டு எழுதினால் உயிர்க்குறி பற்றுக்கோடின்றிப் புள்ளிவட்டத்துடன் தோன்றும். தேடலில் அவ்வூர்ப் பெயரும் அகப்படாது. எனவே எழுத்துத்தொடரைச் சிதைக்காமல், வெளியைப் பண்பாகப் பதிய வேண்டும்:

```
<hi rend="smallcaps">Madras</hi>
<hi rend="spaced">திருவொற்றியூர்</hi>
```

எல்லா இடைவெளியும் திட்டமிட்டதன்று. நூலின் உட்பகுதியில் ஒரு வரி மட்டும் அகன்றிருந்தால், அது வரியை ஓரம்வரை நிரப்பச் செய்ததாகலாம். தலைப்புப் பக்க வரிகள் பெரும்பாலும் நடுவில் அமைவதால் அந்தத் தேவை அங்கில்லை. அங்குள்ள சீரான வெளியை அச்சுக்கோப்பாளரின் தெரிவாகக் கொள்ளலாம். அதன் அளவை அளந்து பதிய வேண்டியதில்லை; உண்டு என்று சுட்டினால் போதும். எழுத்து உள்ளபடி, வடிவம் தனியே என இரண்டையும் பிரித்துப் பதிவதே ‘அச்சிலுள்ளபடி’ என்பதன் பொருளாகத் தமிழ்ப் பதிப்பாய்வில் நிலைபெற வேண்டும்.