நற்சான்று வேண்டாம், சான்று எங்கே?

தேர்வில் முறைகேடு செய்தான் என்று ஒரு மாணவன் மீது தீர்ப்பு வந்துவிட்டால், நம் வீடுகளில் நடப்பதென்ன? தந்தை ஊர்ப் பெரியவரைத் தேடி ஓடுகிறார். "இவனை ஐந்தாண்டுகளாக அறிவேன், ஒழுக்கமானவன்" என்று தலைமையாசிரியர் ஒரு தாள் எழுதித் தருகிறார். அந்தத் தாளையும் இணைத்து, "ஏழை மாணவன், எதிர்காலம் பாழாகும், கருணை காட்டுக" என்று மனு போகிறது. மேல்முறையீடு என்று அதற்குப் பெயர்! நாம் கேட்கிறோம், தோழர்களே, அது முறையீடா, மன்றாட்டா?

நற்சான்று எழுதித் தரும் தொழிலில் இருக்கும் ஆசிரியர்களாகிய நாமே சொல்கிறோம்: அந்தத் தாளுக்கு அங்கே வேலையில்லை. குழுவின் முன்னுள்ள கேள்வி, இவன் நல்லவனா என்பதன்று. குறித்த நாளில், குறித்த அறையில், குறித்த செயலைச் செய்தானா என்பதே. நல்லவன் என்பதால் ஒருவனை விடுவிக்கலாம் என்றால், கெட்ட பெயர் எடுத்தவன் என்பதால் இன்னொருவனைத் தண்டிக்கலாம் என்றாகும். நற்சான்று யாருக்குக் கிடைக்கும்? தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும். அறிந்தார் எவருமில்லாத கூலிக்காரன் மகளுக்கு யார் எழுதித் தருவார்? குணத்தை அளவுகோலாக்கினால் குடும்பம்தான் அளக்கப்படும். சான்றை அளவுகோலாக்கினால் இருவரும் ஒரே தராசில் நிற்பர்.

இது நம் ஆசை மட்டுமன்று, நாட்டின் சட்டமும் இதுவே. உத்தரப் பிரதேசத்தில் 1954-ஆம் ஆண்டு இடைநிலைத் தேர்வு எழுதித் தேறிய மூன்று மாணவர்களின் தேர்ச்சியை, பின்னர் அங்குள்ள கல்வி வாரியத்தின் தேர்வுக் குழு நீக்கியது. 1955-ஆம் ஆண்டுத் தேர்வையும் எழுதக் கூடாதென்றது. குற்றம் இன்னதென்று அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. "விளக்கம் கேட்க வேண்டும் என்று எங்கள் விதியில் இல்லையே" என்று வாதாடியது வாரியம். 1962-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. விதி வாய்மூடி இருப்பதாலேயே நீதி வாய்மூட வேண்டியதில்லை. ஒரு மாணவனின் வாழ்வையே பாதிக்கும் முடிவெடுக்கும் குழு, நீதிமன்றத்தைப்போல் இருபுறமும் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்த மாணவர்கள் நல்லவர்களா என்று நீதிமன்றம் ஆராயவில்லை. கேட்டார்களா என்று கேட்டது. கேட்கவில்லை என்றதும் ஆணை விழுந்தது.

ஆகவே மேல்முறையீட்டின் முதல் வேலை, அழுவதன்று, ஆவணம் கேட்பது. தண்டனை ஆணையின் படி, அது கையில் கிடைத்த நாள், முறையீட்டுக்குரிய கெடு ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு குற்றச்சாட்டுக் குறிப்பு, கண்காணிப்பாளரின் அறிக்கை, கைப்பற்றிய தாள், அறையின் இருக்கை வரைபடம், மாணவன் எழுதிய வாக்குமூலம், விடைத்தாள் ஆகிய ஆறின் படிகளையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். திருத்திய விடைத்தாளை எழுதியவனே பார்க்கலாம் என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டும் தராவிட்டால், தராததே முறையீட்டின் முதல் வாதம்.

ஒரு வழக்கை எடுத்துப் பார்ப்போம். கல்லூரி மாணவன் ஒருவன் என்று கொள்வோம். "துண்டுத்தாள் வைத்திருந்து பார்த்து எழுதினான்" என்பது குற்றச்சாட்டு. அறிக்கை சொல்கிறது: "11.20 மணிக்கு மேசையின் கீழ் கிடந்த தாள் கைப்பற்றப்பட்டது." குற்றச்சாட்டில் "வைத்திருந்தான்", அறிக்கையில் "கிடந்தது"! இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில்தான் வழக்கே இருக்கிறது. கையிலிருந்தா எடுத்தார்கள், பையிலிருந்தா, தரையிலிருந்தா? தரையிலிருந்து என்றால், இருக்கை வரைபடத்தை விரித்துப் பாருங்கள். அந்த இடத்துக்கு எட்டும் தொலைவில் எத்தனை பேர் இருந்தனர்?

அடுத்து, தாளையும் வினாத்தாளையும் விடைத்தாளையும் அருகருகே வையுங்கள். தாளில் உள்ளது நான்காம் பாடம், வினாவில் அப்பாடம் இல்லை, விடையில் அதிலிருந்து ஒரு வரியும் இல்லை என்றால், "பார்த்து எழுதினான்" என்பது நிற்காது. ஆனால் விழிப்பு வேண்டும்! வைத்திருந்தாலே குற்றம் என்று பல பல்கலைக்கழகங்களின் விதி சொல்கிறது. அங்கே இந்த வாதம் தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாம், குற்றத்தை நீக்காது. எந்த விதியின் எந்தப் பிரிவு என்று பார்க்காமல் எழுதும் முறையீடு, இலக்கைப் பார்க்காமல் எய்த அம்பு.

மூன்றாவது, நேரம். பிடித்தவுடன் பழைய விடைத்தாளை வாங்கிக்கொண்டு, நேரம் குறித்துப் புதிய விடைத்தாள் தருவது பல தேர்வு மையங்களில் வழக்கம். அந்த வழக்கமுள்ள மையத்தில் புதிய தாளும் தரவில்லை, கைப்பற்றிய தாளில் மாணவனின் ஒப்பமும் இல்லை, அறிக்கையின் தேதியோ மறுநாள் என்றால், 11.20 என்ற நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். "மன்னித்துவிடுங்கள்" என்று அறையிலேயே அவன் எழுதித் தந்த வாக்குமூலம் இருந்தால், அதுதான் மிகக் கனமான தடை. சொல்லச் சொல்ல எழுதியது என்றால், அதை முதல் விளக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் எவர் நம்புவார்?

இவற்றை எழுதும் முறையும் எளிது. "அறிக்கையின் இரண்டாம் வரி, தாள் தரையில் கிடந்ததாகக் கூறுகிறது. என் வசமிருந்ததாக எவரும் கூறவில்லை. அத்தாளை எனக்குக் காட்டவில்லை. ஆணையில் என் விளக்கம் ஏற்கப்படாததற்குக் காரணம் சொல்லப்படவில்லை. எனவே ஆணையை நீக்கவோ, ஆவணங்களைத் தந்து மீண்டும் விசாரிக்கவோ வேண்டுகிறேன்." ஐந்தே வாக்கியங்கள்! கண்ணீர் இல்லை, கண்காணிப்பாளர் மீது வசையும் இல்லை. "பகை தீர்த்தார்" என்று ஆதாரமின்றி எழுதுகிறவன், ஆதாரம் கேட்கும் தகுதியைத் தானே இழக்கிறான்.

சான்று கேட்கும் நாம், சான்று வந்தால் தலைவணங்கவும் வேண்டும். அதே 1962-இல், அதே வாரியத்தின் இன்னொரு வழக்கில், இரு மாணவர்களின் விடைகளில் தவறுகள் ஒன்றுபோல் இருந்தன. பார்த்து எழுதியதைக் கண்ணால் கண்டவர் இல்லை. ஆயினும் விளக்கம் கேட்டு, விடைத்தாள்களை ஒப்பிட்டுக் குழு எடுத்த முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்றது. சரியான விடை எல்லோருக்கும் ஒன்றுதான். தவறு ஒன்றுபோல் அமைவதற்குத்தான் காரணம் தேவைப்படுகிறது. கொலை வழக்கைப்போல் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும் என்று இங்கே எவரும் கேட்க முடியாது. நடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும். ஆனால் காட்ட வேண்டும்!

காட்டுக என்பதே நம் கோரிக்கை. தாளைக் காட்டுக, அறிக்கையைக் காட்டுக, ஆணையில் காரணத்தைக் காட்டுக. காட்டியபின் குற்றம் நிற்குமானால் தண்டனையும் நிற்கட்டும். பெரிய இடத்துப் பரிந்துரை அதை அசைக்க வேண்டாம். காட்ட மறுக்கும் குழுவோ, தன் நாற்காலியை மட்டும் நம்பச் சொல்கிறது. கேள்வி கேட்டு எழுதச் சொல்லி மதிப்பெண் போடுகிறவர்கள், மாணவன் ஒரே ஒரு கேள்வி கேட்கும்போது மட்டும் விடைத்தாளை வெறுமையாகத் தரலாமா?