வாடகைப் பாக்கி உடைமையுரிமை ஆகாது

பெங்களூரில் ஒரு சிறு வாடகை வீடு என்று கொள்வோம். மூன்று மாத வாடகை பாக்கி. குடியிருந்தவர் பூட்டிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. உரிமையாளர் பூட்டை உடைத்துக் குளிர்சாதனப் பெட்டியை விற்று, பாக்கியில் கழித்துக்கொள்கிறார். பட்டச் சான்றிதழ்கள் பழைய காகிதக்காரரிடம் போகின்றன. அக்கம்பக்கத்தார் இதை நியாயம் என்கின்றனர். சட்டம் அவ்வாறு கருதவில்லை.

வாடகைப் பாக்கி ஒரு கடன். வழக்கிட்டு வசூலிக்க வேண்டியது. பூட்டு தொங்கும்வரை அனுபோகம் குடியிருப்பவருடையது என்றே கொள்ள வேண்டும். சட்டவழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டு வீட்டை மீளப் பெறலாம் என்கிறது 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், பிரிவு 6. ஆகவே அறிவிப்பு, வழக்கு, தீர்ப்பாணை, பின்னர் நீதிமன்ற அமீனா பூட்டைத் திறப்பது என்பதே முறை. தாமதமாகும்தான், தாமதம் பூட்டுடைக்கும் அதிகாரத்தைத் தந்துவிடாது.

சாவியை ஒப்படைத்துவிட்டுப் பொருளை மட்டும் விட்டுச்சென்றால்? அப்போது பொருந்தத்தக்கவை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71, 169ஆம் பிரிவுகள். பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன்வசம் வைப்பவர் அதன் காப்பாளரே. சாட்சிகள் முன் பட்டியலிட்டு, உரியவரை முயன்று தேட வேண்டும். அவர் அகப்படாதபோதோ, காப்புச் செலவைத் தர மறுத்தபோதோகூட உடனே விற்க முடியாது. பொருள் கெடும் நிலையில் இருக்க வேண்டும். அல்லது அச்செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரு பங்கை எட்ட வேண்டும். 6,000 ரூபாய் பெறும் பெட்டிக்கு அது 4,000. அச்செலவில் வாடகைப் பாக்கி சேராது. சான்றிதழோ, வழக்கமாக விற்பனைக்குரிய பொருளே அன்று. அதை விற்க இப்பிரிவு எந்நாளும் இடந்தராது.