குழாய்க்குள் நிற்கும் அரை கன மீட்டர்

எருத்தேன்பதிப் பக்கம் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஐந்து அங்குலத் தளம் போட 11.8 கன மீட்டர் காங்கிரீட் போதும். ஆறு கன மீட்டர் லாரி இரண்டு வந்தால் முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் ரோட்டில் நிற்கும் பம்பிலிருந்து மாடிவரை நாற்பது மீட்டர் குழாய் போகிறதே! 125 மில்லிமீட்டர் குழாய் மீட்டருக்குப் பன்னிரண்டு லிட்டருக்குமேல் விழுங்கும். மொத்தம் அரை கன மீட்டர். பம்பின் தொட்டியில் நிற்பது தனி. கடைசி மூலையில் காங்கிரீட் பற்றாமல் போவது இதனால்தான்.

அதற்காக அரை லாரி கூடுதலாகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. குழாயில் இருப்பது வீணல்ல, கடனாகப் போனது. கடைசி அரை கன மீட்டர் பாக்கி இருக்கும்போதே தொட்டியில் கொட்டுவதை நிறுத்தி, ஸ்பாஞ்ச் பந்தைத் தள்ளினால் பெரும்பகுதி தளத்துக்கே வந்துவிடும். தண்ணீரால் தள்ளினால், பந்தை ஒட்டி நீர்த்து வருவதை மட்டும் ஒதுக்க வேண்டும். ஆரம்பத்தில் குழாய் வழுக்க ஓட்டும் சிமெண்ட் பாலையும் தளத்தில் விடக்கூடாது. ஜல்லியில்லாத அந்த இடம் பலவீனமாகிவிடும்.

தொட்டியில் மிஞ்சுவதற்கு, செப்டிக் டேங்க் மூடிக்குச் சட்டமடித்துக் கம்பி கட்டி முன்கூட்டியே வையுங்கள். வெயிலில் இறுகியபின் தண்ணீர் ஊற்றி இளக்குகிற வழக்கம் மட்டும் வேண்டாம். வாய்க்கால் ஓரம் கொட்டுவதும்தான்.