‘நார்மல்’ ரிப்போர்ட்டை எப்போது நம்பலாம்?

குப்பம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நான்கு வயதுப் பையன் அந்துருண்டையை மிட்டாய் என்று கடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. கண் மஞ்சளாகிறது, 12 இருந்த ஹீமோகுளோபின் 6-க்கு இறங்குகிறது. ஜி6பிடி என்சைம் குறைபாடு என்று சந்தேகிக்கும் மருத்துவர், ஒரு வாரம் கழித்து ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புகிறார். ரிப்போர்ட் ‘நார்மல்’ என்கிறது. வீட்டார் நிம்மதியாகப் புறப்படுகிறார்கள். எனக்குக் கவலை தருவது அந்த நிம்மதிதான்.

ஃபாவா பீன்ஸ் தின்று ரத்தம் உடைவதால் ‘ஃபேவிசம்’ என்று பெயர் பெற்ற குறைபாடு இது. (நம் மொச்சை வேறு செடி.) சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, பிறக்கும்போது கொண்டுவந்த என்சைமை வைத்தே சுமார் 120 நாள் ஓட்டவேண்டும். குறைபாடுள்ளவரிடம் அது வேகமாகத் தேய்கிறது. ஆகவே முதலில் உடைவது கிழட்டு அணுக்கள். அவை போன இடத்தை எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களால் நிரப்புகிறது. சோதனைக்குப் போவது எஞ்சிய இளம் அணுக்களின் ரத்தம். அவற்றில் என்சைம் ஓரளவு நிறைவாகவே இருக்கும். கருவி பொய் சொல்லவில்லை. அளக்கவேண்டிய அணுக்கள்தான் அங்கே இல்லை.

1950-களில் அமெரிக்காவின் ஸ்டேட்வில் சிறைக் கைதிகளிடம் மலேரியா மருந்தான பிரைமாக்வினைச் சோதித்தபோதே இது தெரிந்தது. மருந்தை நிறுத்தாமல் கொடுத்தும் ரத்தம் உடைவது தானாக அடங்கியது. கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டுப் பார்த்தபோது, வயதான அணுக்கள் உடைந்தன, இளையவை தப்பின.

எல்லா வகைக் குறைபாட்டிலும் ஏமாற்றம் ஒரே அளவில் இராது. ஆப்பிரிக்க ஏ-மைனஸ் வகையில் என்சைமின் அளவு பாதியாகக் குறைய 13 நாள் ஆகும். இளம் அணுக்கள் நன்றாகவே மறைத்துவிடும். இந்தியாவிலும் காணப்படும் மத்தியதரைக் கடல் வகையில் சில மணி நேரத்திலேயே தேய்வதால், நெருக்கடியிலும் அளவு பெரும்பாலும் குறைவாகவே வரும். ஆகவே ‘குறைவு’ என்று வந்தால் நம்பலாம். ‘நார்மல்’ என்று வந்தால் பக்கத்தில் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையைப் பார்க்கவேண்டும். பெரியவர்களிடம் 1–2 சதவீதமாக இருக்கவேண்டியது நம் பையனுக்கு 12 சதவீதம் என்றால், அத்தனை இளம் அணுக்களுக்கு என்சைம் அளவு நார்மலைத் தாண்டியே இருக்கவேண்டும். வெறும் நார்மல் என்பதே சந்தேகத்துக்கு இடம்.

ரத்தம் ஏற்றியிருந்தால் சிக்கல் கூடும். கொடையாளியின் அணுக்களும் சேர்ந்தே அளக்கப்படும். குப்பத்துக்காரர்கள் கிருஷ்ணகிரி, வேலூர், கோலார் என்று பக்கத்து மாநிலங்களிலும் வைத்தியம் பார்ப்பவர்கள். ஒரு ஊரில் ஏற்றிய ரத்தம் அடுத்த ஊர் லேபுக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் ரத்தம் உடைந்த தேதி, ஏற்றிய தேதி, ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை மூன்றும் இருந்தாக வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்லி எழுதவேண்டும். அதுவரை பையனைக் குறைபாடுள்ளவனாகவே நடத்தி, அந்துருண்டையும் பிரைமாக்வினும் அவன் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரமாகத் தெரிந்தாக வேண்டுமென்றால் மரபணுச் சோதனை இருக்கிறது. அதை அணுக்களின் வயது பாதிப்பதில்லை.

— கட்டுரையாளர், ரத்தநோய் மருத்துவர்