பணம் எந்த வழியாக வந்தது?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: 'லண்டன் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே டிசைன் வரைந்து அனுப்புகிறேன். பணம் என் பேங்கில் ரூபாயாகத்தான் விழுகிறது. இது ஏற்றுமதியா?' கப்பலும் கன்டெய்னரும் இல்லாமல் என்ன ஏற்றுமதி என்று அவருடைய மாமனார் சிரிக்கிறாராம்.

மாமனாரிடம் சொல்லுங்கள், ஏற்றுமதியேதான். நானும் பல வருஷமாக இப்படிக் கப்பல் இல்லாமல் ஏற்றுமதி செய்து பிழைக்கிறவன். ஜி.எஸ்.டி. சட்டம் கேட்பது இதுதான்: வேலை செய்பவர் இந்தியாவில் இருக்க வேண்டும், வேலையைப் பெறுகிறவர் வெளிநாட்டில் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே நிறுவனத்தின் கிளைகளாக இருக்கக் கூடாது, பணம் அந்நியச் செலாவணியாக வர வேண்டும். (ரிசர்வ் வங்கி அனுமதித்த சில இடங்களில் மட்டும் ரூபாயும் செல்லும்.)

'ஐயோ, எனக்கு ரூபாய்தானே வருகிறது?' என்று பதற வேண்டாம். லண்டனிலிருந்து பவுண்டாகக் கிளம்பி, வழியில் பேங்க் மாற்றிக் கொடுத்தால் அது அந்நியச் செலாவணிதான். ஆனால் பாஸ் புத்தகம் அதைச் சொல்லாது. பேங்கிடம் எஃப்.ஐ.ஆர்.ஏ. என்ற வரவுச் சான்று கேட்டு, பில்லோடு சேர்த்து வையுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர், "இந்தத் தடவை எங்கள் புனே கம்பெனி உங்களுக்கு ரூபாயிலேயே கொடுத்துவிடும், சீக்கிரம் வரும்" என்றார். 3 லட்சம் ரூபாய். மறுநாளே வந்தது. ஆகா என்று காபி குடித்தேன். பிறகு என் ஆடிட்டர், "சார், இது ஏற்றுமதி இல்லை" என்றார். பில்லைப் புனே பெயருக்குப் போட்டால், வாங்குபவர் இந்தியாவில் இருக்கிறார். வெளிநாட்டுப் பெயருக்குப் போட்டால், வந்ததோ உள்ளூர் ரூபாய். எப்படிப் புரட்டினாலும் 18 சதவீத வரி.

முன்பே தெரிந்திருந்தால் புனேயிடம் 54,000 ரூபாயைத் தனியாகக் கேட்டிருப்பேன். அவர்கள் அதைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. பேசாமல் இருந்ததால் 3 லட்சத்துக்குள்ளேயே வரி அடங்கி, 45,763 ரூபாய் என் பையிலிருந்து போயிற்று. காபி கசந்தது.

இன்னொன்று. நம் தமிழ்நாட்டில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், ஏற்றுமதி வரவும் அந்தக் கணக்கில் சேரும். பதிவானதும் எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதத்தை வலைதளத்தில் கொடுத்துவிட்டால் வரி கட்டாமல் பில் போடலாம். அது அந்த நிதியாண்டுக்கு மட்டும்தான். ஏப்ரல் பிறந்தால் புதிதாகக் கொடுக்க வேண்டும். வருமான வரி? அது வேறு இலாகா, அதற்குக் கப்பல் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்!