எழுபவர் யார்?

மரணத்துக்குப் பின் மனிதன் மீண்டும் எழுப்பப்படுவான் என்பது நம் ஈமானின் அடிப்படைகளுள் ஒன்று. அதனை ஐயுறுவோரோடு வாதிட முற்படும் நம் பேச்சாளர் பலர் ஒரே விடையையே சொல்லி வருகின்றனர்: மண்ணோடு கலந்த அணுக்களை இறைவன் ஒன்று திரட்டுவான்; பழைய அணுக்கள் கூடினால் பழைய மனிதன்தானே! கேட்பதற்கு இது எளிது. ஆனால் இவ்வாதம் நிற்காது. நிற்காத கம்பத்தில் மறுமையைக் கட்டி வைப்பது மார்க்கத்துக்குச் செய்யும் தொண்டாகாது என்பதே நம் கருத்து.

இங்கே வினா இரண்டு. இறைவனால் எழுப்ப இயலுமா என்பது முதல் வினா. முதன்முறை படைத்தவனுக்கு மறுமுறை அரிதன்று என்று யாஸீன் அத்தியாயத்தின் இறுதிப் பகுதி இதற்கு விடை கூறுகிறது. எழுபவர் இறந்துபோன அதே ஆள்தானா என்பது இரண்டாம் வினா. அதே ஆள் இல்லையெனில், ஒருவன் செய்த பாவத்துக்கு வேறொருவன் தண்டனை பெறுவான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குத் தன் பிள்ளையைப் போன்ற ஒரு பிள்ளையே கிடைக்கும். ஆற்றலைப் பற்றிய விடையைக் கொண்டு ஆளைப் பற்றிய வினாவை மூடிவிட முடியாது.

பழனியை அடுத்த ஆயக்குடி கொய்யாவுக்குப் பெயர் பெற்ற ஊர். அத்தகைய ஊரில் ஒரு கப்ருஸ்தானை ஒட்டித் தோப்பு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மண்ணாகிப் போனவரின் உடற்கூறு வேர் வழியே ஏறிக் கனியாகிறது. கனியை உண்டவர் உடலில் சேர்கிறது. அவரும் பின்னொரு நாள் மண்ணாகிறார். இருவரும் எழும் நாளில் அந்த அணு யாருக்கு உரியது? இது நாத்திகர் புதிதாய்க் கண்டுபிடித்த கேள்வியன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’வின் இருபதாம் விவாதத்தில், மெய்யியலார் தரப்பு வாதமாக இதனைத் தாமே எடுத்து வைத்துள்ளார். மனித உடல்கள் மண்ணாகிப் பயிராகி உணவாவதை அவர் மறைக்கவில்லை.

அவர் காட்டிய வழி வேறு. மனிதன் தன் ரூஹினால் மனிதன், உடலினால் அல்லன். சிறுவன் வளர்ந்து கிழவனாகிறான், பருத்தவன் இளைக்கிறான், உண்ணும் உணவால் உடற்கூறுகள் மாறிக்கொண்டே வருகின்றன. ஆள் மாறுவதில்லை. ஆகவே, நிலைத்திருக்கும் ரூஹுக்குப் பழைய கூறுகளாலோ புதிய கூறுகளாலோ ஓர் உடல் அளிக்கப்பட்டால், எழுபவர் அவரே. இது மறுபிறவிக் கொள்கையாகாதா என்ற தடைக்கு, பெயரைப் பற்றிச் சச்சரவு வேண்டா என்று கூறி அவர் மேலே செல்கிறார். இவ்வாதம் எதிரிகளை மறுக்க எடுத்ததே என்று பின்னாளில் ‘அல்-இக்திஸாத்’ என்னும் நூலில் அவரே குறித்ததையும் நாம் மறக்கலாகாது.

ரூஹை விட்டுவிட்டு, அச்சு அசலான உருவமும் நினைவும் போதும் என்று சொன்னால் என்ன? தோப்புக்காரர் கிளையில் ஒரு வளையம் பட்டையை உரித்து, ஈரப்பாசி வைத்துக் கட்டிப் பதியன் போடுகிறார். வேர் விட்டதும் வெட்டி நடுகிறார். தாய் மரத்தின் குணம் பிசகாமல் பத்துக் கன்றுகள் எழுகின்றன. அவற்றுள் எது தாய் மரம்? எதுவுமன்று. அவ்வாறே ஒருவரின் உருவத்தோடும் நினைவோடும் இருவரைப் படைக்க இயலுமாயின், இருவருமே அவராக இருக்க முடியாது. ஒத்திருத்தல் வேறு, அதுவேயாயிருத்தல் வேறு. நினைவும் அளவுகோலன்று, முதுமையில் மக்களையே மறந்த தாய், தாயல்லாது போவதில்லை.

எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்தையும் சொல்லிவிடுவோம். மணிமேகலையில் வரும் பூதவாதி, பூவும் வெல்லக் கட்டியும் கூடிக் கள்ளின் வெறி பிறப்பதுபோல், பூதங்கள் கூடி உணர்வு பிறக்கிறது. அவை பிரிந்தால் அதுவும் ஒழிகிறது என்கிறான். மூளையில் அடிபட்டவர் நினைவிழப்பதையும் குணம் மாறுவதையும் இன்றைய மருத்துவம் காண்கிறது. அவன் வாதத்துக்கு இது பெரும் துணை. இதை நகைத்து ஒதுக்குவது நேர்மையன்று. ஆனால் இது காட்டுவது, இவ்வுலகில் உணர்வு உடலைச் சார்ந்து இயங்குகிறது என்பதையே. எழுதுகோல் முறிந்தால் எழுத்து நின்றுபோகும். எழுதுபவர் இல்லை என்று அதனால் முடிவாகாது. எழுதுபவர் தனியே உண்டு என்பதும் அந்த உவமையால் நிறுவப்படுவதில்லை.

ஆக, மெய்யியல் நமக்குத் தருவது இவ்வளவே: மறுமையில் முரண்பாடு இல்லை என்று அது காட்ட வல்லது, மறுமை உண்டு என்று நிறுவ வல்லதன்று. எஞ்சியதை வஹீயின் மேல் வைத்த நம்பிக்கையே தருகிறது. இதை மேடையில் வெளிப்படையாகச் சொல்வதில் இழிவு என்ன? அணுக் கணக்கை அசையாத சான்றாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை, கல்லூரியில் உயிரியல் படித்ததும் அதை ஒரே நாளில் உடைத்துவிடுவான். உடைந்தது நம் பேச்சாளரின் வாதம் மட்டுமே என்று அவனுக்கு யார் சொல்வார்? மஹ்ஷரே உடைந்துவிட்டதென்று அவன் எண்ணினால், அந்தப் பொறுப்பு உயிரியல் ஆசிரியருடையதன்று, நம்முடையது.